பழைய வீட்டுக்காரரிடம் என்ன கேட்பது? "நல்ல ஆட்கள்" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை

கொன்றைவேலி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். வீட்டின் கீழ்த்தளத்தை முதன்முறையாக வாடகைக்கு விடப்போகிறோம். இரண்டு அறைகள், தனிச் சமையலறை, தனிக் குளியலறை, பக்கத்தில் தனி வாசல். வாடகை மாதம் 1,750 டாலர்.

விண்ணப்பித்தவர்களில் ஒரு பெண்மணியை எனக்கும் மனைவிக்கும் பிடித்திருக்கிறது. முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்கிறார், இரண்டு பிள்ளைகள். நிரந்தர வேலை என்று சொல்லும் வேலைக் கடிதமும் கடன் அறிக்கையும் தந்தார், அவற்றில் குறை இல்லை. இப்போது இருக்கும் வீட்டில் எட்டு மாதங்கள், அதற்கு முன் பிரம்டனில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்திருக்கிறார். இரண்டு வீட்டுக்காரர்களின் தொலைபேசி எண்களையும் எழுதியிருக்கிறார்.

நேற்று இப்போதைய வீட்டுக்காரரை அழைத்தேன். "அவர்கள் எப்படிப்பட்டவர்கள்?" என்று கேட்டேன். "மிகவும் நல்ல ஆட்கள், ஒரு பிரச்சினையும் இல்லை, தாராளமாகக் கொடுங்கள்" என்றார். எப்போது குடிவருவார்கள் என்று அவரே என்னிடம் கேட்டார். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தொலைபேசியை வைத்த பிறகு யோசித்தால், எனக்கு ஒன்றுமே தெரியவந்திருக்கவில்லை.

அந்தப் பெண்மணியின் சொந்த வாழ்க்கைக்குள் தலையிடுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் என் குடும்பம் மேலே இருக்கிறது, வீட்டுக் கடனும் இருக்கிறது. பழைய வீட்டுக்காரரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, எப்படிக் கேட்டால் மனம் திறந்து சொல்வார்?

---

அடையாறு_வாசன் எழுதியது:

நான் சென்னையில் இருப்பவன். இங்கே குடிவருபவரின் அடையாள அட்டை நகலையும் புகைப்படத்தையும் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுவோம். பல மாத வாடகையை முன்பணமாகக் கையில் வைத்திருப்போம். ஏதாவது உடைந்தால் அதில் கழித்துக்கொள்வோம். பழைய வீட்டுக்காரரை அழைத்து விசாரிக்கும் வழக்கம் குறைவு. நீங்களும் காவல்துறைச் சரிபார்ப்பையே கேட்கலாமே?

---

கொன்றைவேலி எழுதியது:

ஐயா, நன்றி. இங்கே அப்படிச் செய்ய முடியாது. ஒன்ராறியோவில் கடைசி மாத வாடகையை மட்டுமே முன்கூட்டி வாங்கலாம். அதையும் கடைசி மாதத்துக்கே கழிக்க வேண்டும். சேதத்துக்கென்று தனியாகப் பணம் பிடித்துவைக்கச் சட்டம் இடம் தரவில்லை. அதனால்தான் குடியமர்த்துவதற்கு முன்பு விசாரிப்பது இவ்வளவு முக்கியமாகிறது.

---

ஆற்றங்கரை எழுதியது:

தம்பி, இந்த விசாரிப்பெல்லாம் நேரத்தை வீணாக்குவது. அவர்கள் தரும் எண்ணுக்கு அழைத்தால் அவர்களுக்கு வேண்டியவர்தான் எடுப்பார். கடன் மதிப்பெண்ணைப் பாருங்கள், சம்பளத்தைப் பாருங்கள், அதோடு விடுங்கள்.

நீங்கள் அதிகம் பயப்படவும் வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் வீடு அது. சொந்தக்காரர் அதே வீட்டில் இருந்தால் மனித உரிமைச் சட்டம் பொருந்தாது. எத்தனை பிள்ளைகள், கணவர் எங்கே, எந்தச் சமயம், எந்த ஊர் என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

---

பனையோலை எழுதியது:

ஆற்றங்கரை அண்ணா சொன்னதில் ஒரு பாதி சரி, மறு பாதி கொன்றைவேலித் தம்பியைச் சிக்கலில் மாட்டிவிடும். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ரொறன்ரோவில் 14 ஆண்டுகள் சிறிய வாடகைக் கட்டடங்களை நிர்வகித்தேன். இந்த அழைப்புகளை நானும் செய்திருக்கிறேன், எனக்கும் நிறைய வந்திருக்கின்றன.

சொந்தக்காரர் அதே வீட்டில் இருந்தால் விலக்கு உண்டு என்பது, குடிவருபவர் சொந்தக்காரருடனோ அவர் குடும்பத்துடனோ சமையலறையை அல்லது குளியலறையைப் பகிர்ந்துகொள்ளும்போது மட்டும்தான். தம்பியின் கீழ்த்தளத்தில் இரண்டும் தனித்தனி. ஆகவே ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் முழுவதுமாகப் பொருந்தும். இனம், பிறந்த ஊர், சமயம், திருமண நிலை, பிள்ளைகள் இருப்பது, மாற்றுத்திறன், அரச உதவிப் பணம் பெறுவது ஆகிய எதை வைத்தும் ஒருவருக்கு வீடு மறுக்கக் கூடாது. விண்ணப்பித்தவரிடம் நேரே கேட்கக் கூடாத ஒன்றைப் பழைய வீட்டுக்காரர் வாயால் வரவழைப்பதும் கூடாது. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை.

வாடகை வரலாற்றைக் கேட்பதற்குத் தடை இல்லை. வருமானம், கடன் அறிக்கை, முந்தைய வாடகை வரலாறு ஆகியவற்றைப் பார்க்க விதிமுறையே இடம் தருகிறது. புதிதாக நாட்டுக்கு வந்த ஒருவருக்கு அப்படி ஒரு வரலாறே இல்லையென்றால், இல்லாததைக் குறையாக எண்ணக் கூடாது. அவ்வளவுதான்.

இப்போது தம்பியின் அழைப்புக்கு வருகிறேன். "எப்படிப்பட்டவர்கள்?" என்ற கேள்விக்கு மனிதர்கள் தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்வார்கள். அந்தச் சொல்லில் பாதி அவர்கள் விருப்பு வெறுப்பு. உங்களுக்கு வேண்டியது அவருடைய கணக்குப் புத்தகத்தில் இருப்பது. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை இருந்தார், வாடகை எவ்வளவு, எந்தத் தேதியில் வரவேண்டும், எத்தனை மாதங்கள் அந்தத் தேதியைத் தாண்டி வந்தது, தாண்டியபோது எத்தனை நாள், முன்கூட்டிச் சொன்னாரா, நீங்கள் எழுத்தில் ஏதாவது அறிவித்தல் கொடுத்தீர்களா, கொடுத்திருந்தால் அது எப்படி முடிந்தது, போகும்போது எத்தனை நாள் முன்பு எழுதித் தந்தார், வீட்டைத் திரும்ப எடுத்தபோது நீங்கள் காசு செலவழித்துத் திருத்தியது என்ன. இதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. "ஆம்", "இல்லை" என்று முடிந்துவிடும் கேள்வியாகக் கேட்காதீர்கள். "தாமதமாகக் கட்டுவாரா?" என்றால் "இல்லை" என்று முடிப்பார். "எத்தனை தடவை தாமதமானது?" என்றால் யோசிப்பார். அந்த யோசனைதான் உங்களுக்கு வேண்டும்.

இன்னொன்று. இப்போதைய வீட்டுக்காரரின் பாராட்டை எடை குறைத்துக் கேளுங்கள். அவருக்கு அவர்கள் போகவேண்டும் என்று இருந்தால் வாயாரப் புகழ்வார். போகக் கூடாது என்று இருந்தால் குறை சொல்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்கு இரண்டு பக்கமும் ஆதாயம் இல்லை. பிரம்டனை அழையுங்கள்.

---

மழைக்குருவி எழுதியது:

பனையோலை அக்கா சொன்ன "வாடகை எவ்வளவு?" என்ற கேள்விக்கு இன்னொரு பயனும் உண்டு. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் தன் பழைய வீட்டுக்காரர் என்று ஓர் எண்ணைத் தந்தார். நான் அழைத்து, "அவர் உங்கள் வீட்டில் 1,300 டாலர் வாடகைக்கு இரண்டு வருடம் இருந்தாராமே?" என்று கேட்டேன். "ஆமாம் ஆமாம், இரண்டு வருடம்" என்று பதில் வந்தது. எல்லா விவரத்தையும் நானே அவர் வாயில் வைத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, எடுத்தவர் அந்த இளைஞரின் நண்பர். அந்த முகவரியில் அவருக்கு வீடே இல்லை.

இப்போது நான் விவரம் எதையும் சொல்வதில்லை. "இன்னார் உங்களிடம் வாடகைக்கு இருந்ததாக எழுதியிருக்கிறார். எந்த முகவரி, எப்போதிலிருந்து, வாடகை எவ்வளவு?" என்று அவரையே சொல்ல விடுகிறேன். உண்மையான வீட்டுக்காரருக்கு அது நாக்கு நுனியில் இருக்கும். ஓரிரு மாதம் தவறிச் சொல்லலாம், அது மறதி. வாடகைத் தொகையே தெரியாமல் தடுமாறினால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் முடிவெடுக்கும் முன் மாகாண நிலப் பதிவில் கட்டணம் கட்டி அந்த முகவரியின் சொந்தக்காரர் யார் என்று பார்த்துக்கொள்ளலாம்.

---

தென்னங்கீற்று எழுதியது:

நான் வாடகைக்கு இருப்பவள். வீட்டுக்காரர்கள் மட்டும் பேசும் இடத்தில் ஒரு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

முந்தைய வீட்டில் ஒரு ஜனவரி முழுவதும் சூடு போதவில்லை. வீட்டுக்குள் 16 பாகை. ரொறன்ரோ நகரசபை விதிப்படி குளிர்காலத்தில் 21 பாகையாவது இருக்க வேண்டும். கைக்குழந்தையுடன் இருந்தேன். நான்கு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு நகரசபைக்கு அழைத்தேன். அதிகாரி வந்து பார்த்த பிறகு சூடாக்கி திருத்தப்பட்டது. நான் வீடு மாறும்போது அந்த வீட்டுக்காரர் விசாரித்த எல்லோரிடமும் "தொல்லை பிடித்தவள், சின்ன விஷயத்துக்கும் புகார் செய்வாள்" என்று சொல்லியிருக்கிறார். மூன்று வீடுகள் கை நழுவிப் போயின. 26 மாதங்களில் ஒரு தடவைகூட வாடகை தாமதமாகக் கட்டியதில்லை. அதை ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தயவுசெய்து "புகார் செய்பவரா?" என்று கேட்காதீர்கள். குளிரில் இருந்தவள் வாய் திறந்ததற்கு அது தண்டனையாகிவிடுகிறது.

---

பனையோலை எழுதியது:

தங்கச்சி, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். "அடிக்கடி புகார் செய்வாரா?" என்ற கேள்வியை நானும் முதல் சில ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். பிறகு விட்டுவிட்டேன். நல்ல குடியிருப்பாளர்தான் குழாய் ஒழுகும்போது அன்றே சொல்கிறார். சொல்லாமல் விட்டவரின் வீட்டில் தரைப்பலகையே அழுகிப்போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதிலாக, "வீட்டில் ஏதாவது பழுதானால் உங்களுக்கு எப்படித் தெரிவிப்பார்?" என்று கேட்கலாம். ஒரு நியாயமான வீட்டுக்காரர் "உடனே செய்தி அனுப்புவார்" என்பார். எரிச்சலுடன் பேசினால், "எந்தப் பழுதைப் பற்றி?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சூடாக்கி என்று பதில் வந்தால் குறை யாரிடம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அதேபோல "ஏன் வீட்டை விட்டுப் போனார்?" என்பதையும் நான் வீட்டுக்காரரிடம் கேட்பதில்லை. வழக்கமாக மாத வாடகைக்கு இருப்பவர் 60 நாள் முன்பு எழுதித் தர வேண்டும். ஆனால் வீட்டு வன்முறையிலிருந்தோ பாலியல் வன்முறையிலிருந்தோ தப்பிப் போகிறவர் 28 நாள் அறிவித்தல் தந்தால் போதும். அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. அதைப் பெற்ற வீட்டுக்காரர் இரகசியமாக வைக்கவும் கடமைப்பட்டவர். "ஏன் அவசரமாகப் போனார்?" என்று நீங்கள் துருவினால், சொல்லக் கூடாத ஒன்றை அவரைச் சொல்ல வைப்பீர்கள். "28 நாளில் போய்விட்டார்" என்று அவராகச் சொன்னால்கூட அதைக் குறையாக எழுதிக்கொள்ள வேண்டாம்.

---

ஆற்றங்கரை எழுதியது:

பகிரும் சமையலறைக்கு மட்டும்தான் விலக்கு என்பது எனக்குத் தெரியாது. திருத்தியதற்கு நன்றி. ஆனாலும் கேட்கிறேன். பழைய வீட்டுக்காரர் எதற்காக முன்பின் தெரியாத ஒருவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்? எனக்கு இப்படி அழைப்பு வந்தால் நானே "நல்லவர்" என்று சொல்லி வைத்துவிடுவேன். நாளைக்கு அந்தக் குடியிருப்பாளர் என்மீது வழக்குப் போட்டால்?

---

பனையோலை எழுதியது:

அண்ணா, அந்தப் பயம்தான் எல்லா அழைப்புகளையும் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறது. அதை நீக்கினால் மனிதர்கள் பேசுவார்கள். நான் செய்வது இது.

விண்ணப்பத்திலேயே, முந்தைய வீட்டுக்காரரிடம் வாடகை பற்றி விசாரிக்கச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கிவிடுவேன். அந்தப் பக்கத்தை மட்டும் பழைய வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, "நாளை மாலை எந்த நேரம் வசதி? ஐந்து நிமிடம் போதும். வாடகைத் தேதிகளை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுவேன். திடீரென்று அழைத்தால் கடையில் வரிசையில் நிற்பார், "நல்ல ஆட்கள்" என்று வைத்துவிடுவார். முன்பே தெரிந்தால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார். குடியிருந்தவரே சம்மதித்த கேள்விக்கு, தன் பதிவில் உள்ள தேதியையும் தொகையையும் சொல்வதில் யாருக்கும் அச்சம் வருவதில்லை. "அவர் எப்படிப்பட்டவர்?" என்று தீர்ப்புச் சொல்லச் சொன்னால்தான் நாக்கு கட்டிப்போகிறது.

சில வீட்டுக்காரர்கள், குறிப்பாகப் பெரிய நிறுவனங்கள், இருந்த காலத்தையும் வாடகையையும் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. அது அவர்கள் வழக்கம். அந்த மௌனத்துக்குப் பொருள் கற்பிக்காதீர்கள்.

பதிலை எழுதி வைக்கும்போது, விண்ணப்பித்தவர் நாளை கேட்டால் அவரிடமே காட்டக்கூடியதை மட்டும் எழுதுங்கள். எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் அதே கேள்விகளை, அதே வரிசையில் கேளுங்கள். ஒருவருக்கு மூன்று கேள்வி, இன்னொருவருக்குப் பத்துக் கேள்வி என்றால் அந்த வித்தியாசத்துக்கு நீங்கள் காரணம் சொல்ல வேண்டிவரும்.

---

மழைக்குருவி எழுதியது:

நான் கடைசியில் ஒரு கேள்வி சேர்ப்பேன். "உங்கள் வீடு காலியாக இருந்தால் இவருக்கு மறுபடியும் கொடுப்பீர்களா?" பதிலைவிட, பதிலுக்கு முன்னால் வரும் இடைவெளி நிறையச் சொல்லும்.

---

தென்னங்கீற்று எழுதியது:

அந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது. என் வீட்டுக்காரர் நிச்சயம் "கொடுக்கமாட்டேன்" என்று சொல்லியிருப்பார்.

---

கொன்றைவேலி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பனையோலை அக்கா சொன்னபடியே சம்மதக் கையெழுத்து வாங்கி, மின்னஞ்சல் அனுப்பி, நேற்று மாலை பிரம்டன் வீட்டுக்காரருடன் பேசினேன். 12 நிமிடங்கள் பேசினார். எழுதி வைத்ததை அப்படியே தருகிறேன்.

முகவரியையும் வாடகையையும் நான் சொல்லாமலே சொன்னார். 38 மாதங்கள் இருந்தார்கள், வாடகை 1,450 டாலர், ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி. நான்கு மாதங்கள் தாமதம், அந்த நான்கும் ஒரே கோடையில் தொடர்ந்து வந்தவை. ஒவ்வொரு தடவையும் ஐந்து அல்லது ஆறு நாள். அப்போது அவர் ஏஜென்சி மூலம் வேலை செய்தாராம். "சம்பளம் 5ஆம் தேதிதான் வரும்" என்று முன்பே செய்தி அனுப்பிவிடுவாராம். முதல் தடவை மட்டும் வீட்டுக்காரர் வாடகை பாக்கிக்கான என்4 அறிவித்தலைக் கொடுத்திருக்கிறார். சில நாட்களில் முழுத் தொகையும் வந்துவிட்டது. கடைசி 20 மாதங்களில் ஒரு தாமதமும் இல்லை. போகும்போது 60 நாளுக்கு மேல் அவகாசம் தந்து எழுதிக் கொடுத்தார். வீட்டைத் திரும்ப எடுத்தபோது அடுப்பு மிகவும் அழுக்காக இருந்தது, சுவரில் பிள்ளைகள் கிறுக்கியிருந்தார்கள். சுத்தம் செய்யவும் வண்ணம் பூசவும் ஏறத்தாழ 300 டாலர் செலவானதாம்.

கடைசியில் மழைக்குருவி சொன்ன கேள்வியையும் கேட்டேன். உடனே "இல்லை, கொடுக்கமாட்டேன்" என்றார். எனக்குத் திக்கென்றது. ஏன் என்று கேட்டேன். "பிள்ளைகள் ஓடுகிற சத்தம் தாங்கவில்லை. ஊரிலிருந்து அவருடைய அம்மா வந்து மூன்று மாதம் தங்கினார். சமையல் வாசனை மேலே வரும்" என்றார்.

இப்போது எனக்குக் குழப்பம். ஒரு என்4, நான்கு தாமதம், "மறுபடி கொடுக்கமாட்டேன்". இதை எப்படி எடைபோடுவது?

---

ஆற்றங்கரை எழுதியது:

தம்பி, என்4 கொடுத்திருக்கிறார்கள் என்றால் விட்டுவிடுங்கள். வெளியேற்ற அறிவித்தல் வாங்கியவருக்கு வீடு கொடுப்பதா?

---

பனையோலை எழுதியது:

அண்ணா, என்4 வெளியேற்ற உத்தரவு அல்ல. வாடகை ஒரு நாள் தவறினாலே மறுநாள் அதைக் கொடுக்கலாம். மாத வாடகைக்கு இருப்பவருக்கு அதில் சில நாள் அவகாசம் உண்டு. அதற்குள் கட்டிவிட்டால் அந்தத் தாள் செல்லாது. வெளியேற்றும் உத்தரவை, வீட்டுக்காரர்-குடியிருப்பாளர் வழக்குகளை விசாரிக்கும் மாகாண வாரியம் மட்டுமே தர முடியும். "என்4 கொடுத்தீர்களா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தியிருந்தால் தம்பிக்கும் தவறான படம்தான் கிடைத்திருக்கும். "அது எப்படி முடிந்தது?" என்று சேர்த்துக் கேட்டதால் முழுக் கதையும் வந்தது.

தம்பி, பதிலை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கணக்கு. 38 மாதத்தில் நான்கு தாமதம், எல்லாம் ஒரே காரணத்தால், எல்லாம் முன்கூட்டிச் சொன்னவை, பிறகு 20 மாதம் சரியாக வந்தது. இப்போது அவர் ஏஜென்சியில் இல்லை, நிரந்தர வேலை என்று வேலைக் கடிதம் சொல்கிறது. அந்தத் தாமதத்துக்கான காரணமே மறைந்துவிட்டது. அழுக்கு அடுப்பும் சுவரும் உண்மையான குறைதான். மூன்று வருடக் குடியிருப்புக்கு 300 டாலர் என்பது நான் பார்த்தவற்றில் சாதாரணம். அதை எண்ணிக்கொள்ளுங்கள், ஆனால் அதன் அளவில் எண்ணுங்கள்.

மறுபக்கம் "கொடுக்கமாட்டேன்" என்பது. அதற்கு அவர் சொன்ன மூன்று காரணங்கள்: பிள்ளைகள், தாயார், சமையல் வாசனை. பிள்ளைகள் இருப்பதைக் காரணமாக்கி நீங்கள் மறுத்தால் அது சட்டப்படி பாகுபாடு. சமையல் வாசனை என்பது பல நேரம் இனத்தைப் பற்றிய பேச்சாகவே முடியும், அதை நம் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்மா வந்து தங்கியது அவர்கள் குடும்ப விஷயம். இந்த மூன்றையும் குறிப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு "கொடுக்கமாட்டேன்" என்ற சொல்லுக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை.

அதனால்தான் மழைக்குருவியின் கேள்வியில் எனக்குத் தயக்கம். காரணம் கேட்காமல் விட்டால் அது வெறும் வெறுப்பை அளக்கும் கேள்வி.

---

மழைக்குருவி எழுதியது:

நான் இதில் முழுவதும் உடன்படவில்லை அக்கா. அந்தக் கேள்வியைக் கேட்டதால்தான் பதிலுக்குப் பின்னால் இருந்தது வெளியே வந்தது. கேட்காமல் இருந்திருந்தால் தம்பிக்கு இந்த மனிதரின் குரலில் இருந்த கசப்பு மட்டும் மனதில் தங்கியிருக்கும், காரணம் தெரிந்திருக்காது. "ஏன்?" என்று அடுத்ததாகக் கேட்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பது என் எண்ணம்.

---

பனையோலை எழுதியது:

உங்கள் அனுபவம் அப்படி. எனக்கு மறுபுறம். பிள்ளைகளின் சத்தம் என்று காதில் விழுந்துவிட்டால் அதை மறந்துவிட்டு முடிவெடுக்கப் பெரும்பாலானவர்களால் முடியாது. கேட்காமலே இருந்திருந்தால் மறக்க வேண்டிய தேவையும் வந்திருக்காது. இதில் நாம் வேறுபட்டே இருக்கலாம்.

தம்பி, எனக்கு அதைவிட இன்னொன்று உறுத்துகிறது. இப்போதைய வீட்டுக்காரர் உங்களிடம் "எப்போது குடிவருவார்கள்?" என்று ஏன் கேட்டார்? அவருக்கும் அதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். முக்கியமாக, யார் யாருக்கு எழுத்தில் என்ன அறிவித்தல் கொடுத்தார்கள் என்று.

---

கொன்றைவேலி எழுதியது:

அக்கா, நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். இன்று அவருடன் மறுபடி பேசினேன். எட்டு மாதமும் வாடகை 1ஆம் தேதியே வந்திருக்கிறது, அதை உடனே சொன்னார். அறிவித்தல் பற்றிக் கேட்டபோது, "எழுத்தில் ஒன்றுமில்லை. என் மகனுக்குக் கல்யாணம், அவனுக்கு வீடு வேண்டும், வாயால் சொன்னேன், அவர்களே போவதாகச் சொல்லிவிட்டார்கள்" என்றார்.

அப்படியென்றால் அவர் அவசரமாகப் புகழ்ந்தது குடியிருப்பாளரைப் பற்றிய எதையும் மறைக்க அல்ல. அவர்கள் சீக்கிரம் போகவேண்டும் என்பதற்காகத்தான். என் மனதில் இருந்த பெரிய பாரம் இறங்கியது.

---

பனையோலை எழுதியது:

இறங்கட்டும். ஆனால் அந்தப் பெண்மணியின் பக்கத்தில் ஒரு பாரம் இருக்கிறது. மகனுக்காக வீடு வேண்டுமென்றால் வீட்டுக்காரர் என்12 படிவத்தில் எழுத்தில் 60 நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த நாளும் வாடகைக் காலத்தின் முடிவில் விழ வேண்டும். ஒரு மாத வாடகையை நட்டஈடாகவும் தர வேண்டும். வாயால் சொன்னதற்குச் சட்டத்தில் எடை இல்லை. அந்தப் பெண்மணியே போவதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் அந்த ஒரு மாதப் பணத்தைக் கேட்பது மிகவும் கடினமாகிவிடும்.

---

ஆற்றங்கரை எழுதியது:

தம்பி, இதில் நீங்கள் தலையிட வேண்டாம். அந்த வீட்டுக்காரர் உங்களை நம்பிச் சொன்னார். அதைக் கொண்டுபோய் அவருக்கு எதிராகக் கொடுத்தால் நாளை ஒருவரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். உண்மையைச் சொல்ல வைப்பது எப்படி என்றுதானே இத்தனை நாளும் பேசினோம்?

---

தென்னங்கீற்று எழுதியது:

அண்ணா, வாயால் சொல்லப்பட்டது அந்தப் பெண்ணுக்கே சொல்லப்பட்டது, அதில் இரகசியம் எங்கே? இரண்டு பிள்ளைகளுடன் வீடு மாறுகிறவருக்கு ஒரு மாத வாடகை என்றால் என்னவென்று நான் அறிவேன்.

---

கொன்றைவேலி எழுதியது:

நானும் மனைவியும் நேற்றிரவு நெடுநேரம் பேசினோம். வீடு அவருக்கே என்று முடிவுசெய்து இன்று காலை தெரிவித்துவிட்டேன். மற்ற இரண்டு விண்ணப்பதாரர்களின் பழைய வீட்டுக்காரர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டிருந்தேன். அந்தக் குறிப்புகளையும் ஒன்றாக வைத்திருக்கிறேன்.

இப்போதைய வீட்டுக்காரர் சொன்னதை அந்தப் பெண்மணியிடம் சொல்லவில்லை. "இப்போதைய இடத்தில் எதிலும் கையெழுத்திடுவதற்கு முன், உங்கள் பகுதிச் சட்ட உதவி மையத்தில் ஒருமுறை விசாரியுங்கள். எங்கள் பக்கத்தில் குடிவரும் தேதியை ஒரு மாதம் தள்ளிவைக்கவும் சம்மதம்" என்று மட்டும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நாளை வேலை முடிந்து போவதாகச் சொன்னார்.

அடுப்பைப் பற்றியும் பேசினேன். பிரம்டனில் அந்த அடுப்பு அவர் குடிவந்தபோதே பழையது, கறை போகவில்லை என்றார். யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாது. எங்கள் கீழ்த்தளத்தை அவருடன் சேர்ந்து அறை அறையாகப் படம் எடுத்து, இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறோம். சனிக்கிழமை வருகிறார்.